முப்பது நாள் கால் பார்ப்பம், வாறியா மச்சான்?

சில விசயங்களை ரெலிபோனில சொன்னால் என்ர சிநேகிதன் சிரிச்சுப்போட்டு வேற கதைக்குத் தாவிடுவான். வெருட்டினாலும் அப்பிடித்தான், கெஞ்சினாலும் அப்பிடித்தான். அதால இந்த வருசம் பெப்ரவரிக் கடைசியில ஒரு இரவு குந்தியிருந்து அவனுக்கு ஒரு நீளமான மின்னஞ்சல் எழுதினன். அவன் இருக்கிறது சிட்னியில, துங்காபியில. நான் இஞ்ச வெரிபீயில. அவனும் நானும் ஒரே ஊர், ஒரே வகுப்பு, பிறகு ஒரே பங்கர். அதால மரியாதை கிரியாதை எல்லாம் கடிதத்தில இருக்காது.

அவனிட்டைக் கேட்டு, அவன்ர பெயரை எடுத்துப்போட்டு அதை இஞ்ச போடுறன். எங்கட ஆக்களில சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. ஆருக்காவது உதவும்.

*

மச்சான்,

சுகமா? தங்கச்சியும் பிள்ளையளும் சுகமா? இந்தக் கடிதத்தைக் கடைசி மட்டும் வாசி. பாதியில விட்டியெண்டால் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுவன்.

தைப்பொங்கலுக்கு நீங்கள் வந்து நிண்டபோது நடந்த ஒரு விசயம் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகேல்லை. இரவு வேலை முடிச்சவை நித்திரை கொண்டு எழும்பி வரட்டும் எண்டு பார்த்ததில, நாங்கள் பானை வைக்கேக்க பகல் பன்னிரண்டு தாண்டிட்டுது. கராஜுக்கு முன்னால கொங்கிறீட்டில காஸ் அடுப்பு. பொங்கலெண்டு எல்லாரும் வெறுங்கால். சின்னனுகள் ‘ஐயோ சுடுது’ எண்டு துள்ளித் துள்ளிப் புல்லுக்கு ஓடுதுகள். என்ர மனுசி ஈரச் சாக்கை விரிச்சு அதில நிண்டா. நீ மட்டும் அகப்பையோட வெயிலுக்குள்ள அசையாமல் நிண்டாய். ‘எனக்கொண்டும் சுடேல்லையே’ எண்டும் சொன்னாய். உன்ர மச்சினன் ‘இது தீமிதிச்ச கால்’ எண்டு பகிடி விட எல்லாரும் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை. நீ அதைக் கவனிச்சியோ தெரியாது.

உனக்குச் சீனி வருத்தம் எண்டு சொல்லிப் பதின்மூண்டு வருசத்துக்கு மேல. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. என்ர இடது காலில இரண்டாம் விரல் இல்லையெண்டு உனக்குத் தெரியும். அது எப்பிடிப் போனது எண்ட முழுக்கதையை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. வெக்கம். இண்டைக்குச் சொல்லுறன்.

2017 குளிர்காலம். என்ர வேலைச் சப்பாத்தைக் கராஜில, சாமான் தட்டுக்குக் கீழ விடுறது வழக்கம். ஒரு நாள் விடிய நாலரைக்கு இருட்டுக்குள்ள காலை விட்டுக் கொண்டு போனன். பத்து மணித்தியாலம் வேலை. சீமெந்துத் தரை, நடை, தூக்கு, ஏத்து. பின்னேரம் வீட்டை வந்து கழட்டினன். ஒண்டும் தெரியேல்லை. நான் போட்டிருந்தது கறுத்தச் சொக்ஸ். அடுத்த நாளும் அதே சப்பாத்து. மூண்டாம் நாள் மனுசி ‘என்ன மணக்குது’ எண்டு கேட்டா. சொக்ஸ் ஈரமாய் இருந்தது. சப்பாத்தைக் கவிழ்த்தால் ஒரு சின்ன ஸ்குரூ ஆணி விழுந்தது. தட்டில இருந்து அதை உள்ளுக்கு விழுத்தினது நான்தான். மூண்டு நாள் அது என்ர உள்ளங்காலுக்குள்ள குத்திக் கொண்டு இருந்திருக்கு. எனக்கு ஒரு சொட்டு நோ இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. கிருமி எலும்புக்குப் போட்டுது எண்டு விரலை எடுத்தினம். ஆறு கிழமை அன்ரிபயோட்டிக். புண் மூட ஐஞ்சு மாதம். அந்த ஐஞ்சு மாதமும் மனுசி ரெண்டு வேலைக்குப் போனா.

மச்சான், 2009 இல கிளிநொச்சியில இருந்து நாங்கள் நடந்த நடை ஞாபகம் இருக்கோ? தேவிபுரம் தாண்டேக்க என்ர செருப்பு அறுந்து போச்சு. வெறுங்காலோட நடந்தன். ஒரு முள் குத்தினாலும் அந்த அவசரத்திலயும் நிண்டு, உன்ர தோளைப் பிடிச்சுக் கொண்டு ஒற்றைக் காலில நிண்டு புடுங்கி எறிஞ்சிட்டுத்தான் நடந்தன். ஷெல் விழுற நேரத்திலயும் கால் எனக்கு அறிவிச்சது. அதே கால், வெரிபீயில ஒரு ஷெல்லும் இல்லாத இடத்தில, மூண்டு நாள் இரும்பு குத்தியும் அறிவிக்கேல்லை. என்ர காவல்காரன் செத்துப் போனான் எண்டது எனக்கே தெரியாமல் போச்சு.

இதை வேலூரில ஒரு டொக்டர் எப்பவோ கண்டுபிடிச்சவர். போல் பிராண்ட் எண்டு பெயர். வெள்ளைக்காரப் பாதிரிமாற்ற மகன், ஆனால் 1914 இல பிறந்தது எங்கட கொல்லிமலையில. 1946 இல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து குஷ்டரோகக்காரருக்கு வைத்தியம் செய்தார். அந்தக் காலத்தில குஷ்டம் எண்டால் சதை தானாய் அழுகி விரல் விழும் எண்டுதான் எல்லாரும் நினைச்சினம். அவர் பார்த்துக்கொண்டு இருந்து கண்டது வேற. நோய் நரம்பை மட்டும்தான் கொல்லுது, விரலைக் கொல்லுறது வெட்டும் சூடும் தேய்ப்பும்தான். இரவில சிலருக்கு விரல் துண்டு காணாமல் போக, காவல் இருந்து பார்த்தால் எலி வந்து கடிக்குது, ஆள் நித்திரை. பிறகு பூனை வளர்த்தினமாம். 1966 இல அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்க சீனி வருத்தக்காரற்ற கால்களிலயும் அதே புண், அதே காரணம். மருந்து எவ்வளவு குடுத்தாலும், நோத் தெரியாத காலை ஆள் தன்ர கண்ணால ஒவ்வொரு நாளும் பார்க்க வேணும். நோ செய்யிற வேலையைக் கண் செய்ய வேணும். விசயம் அவ்வளவுதான்.

சீனி கூடி நிண்டால் முதலில பழுதாகிறது மிக நீளமான நரம்புகள். அதாலதான் கால்விரலில தொடங்குது. சிலருக்கு எரிவு, ஊசி குத்துறமாதிரி இருக்கும். சிலருக்கு ஒண்டுமே இராது, பேசாமல் விறைச்சுப் போகும். நீ இரண்டாவது ஆள் எண்டு நான் பயப்படுறன்.

பயம் சரியோ பிழையோ எண்டு இண்டைக்கு இரவே பார்க்கலாம். ஒரு சாமானும் தேவையில்லை. இங்கிலாந்தில இப்ஸ்விச் எண்ட இடத்து டொக்டர்மார் செய்த பரிசோதனை, வீட்டு ஆக்களே செய்யலாம். சொக்ஸைக் கழட்டிப்போட்டுக் கட்டிலில படு. கண்ணை மூடு. தங்கச்சி தன்ர சுட்டுவிரல் நுனியால உன்ர விரல் நுனியைத் தொடட்டும். வலது பெருவிரல், வலது சின்னிவிரல், இடது பெருவிரல், இடது சின்னிவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு. பஞ்சு பட்டமாதிரி மெல்ல, ஒண்டு ரெண்டு விநாடிதான். அமத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. பட்டவுடன நீ ‘வலது’ அல்லது ‘இடது’ எண்டு சொல்ல வேணும். சொல்லாத விரலை இன்னொருக்காத் தொட்டு உனக்குச் சலுகை குடுக்கவேண்டாம் எண்டு தங்கச்சிக்குச் சொல்லு. ஆறில ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியாமல் போனால் உன்ர காலில உணர்ச்சி குறைஞ்சிருக்கு எண்டு எடுக்கலாம். ஆறும் தெரிஞ்சால் சந்தோசம், ஆனால் கொங்கிறீட்டில நிண்ட கதையை டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும். சூட்டை அறியிற நரம்பு வேற, தொடுகையை அறியிற நரம்பு வேற.

சரி, இப்ப அழைப்புக்கு வாறன். மார்ச் முதலாம் திகதியில இருந்து முப்பதாம் திகதி மட்டும், முப்பது நாள், நீயும் நானும் ஒவ்வொரு இரவும் கால் பார்ப்பம். எனக்கும் இது தேவை. நான் இப்ப ஒழுங்காய்ப் பார்க்கிறன் எண்டு மனுசிக்குச் சொல்லுறது முழு உண்மையில்லை. கிழமையில ரெண்டு மூண்டு நாள் தவறுது.

நேரம் இரவு எட்டரை. ரெண்டு பேற்ற போனிலயும் எட்டரைக்கு அலாரம். சாப்பிட்டு முடிஞ்சு, ரீவிக்கு முன்னால இருக்கிற நேரம் அது. காலையில வேலைக்கு ஓடுற அவசரத்தில ஒருத்தரும் கால் பார்க்கப் போறதில்லை. அதோட சப்பாத்துச் செய்த சேதம் பின்னேரம்தான் தெரியும். அலாரத்தை நிப்பாட்டிப்போட்டுப் ‘பிறகு பார்ப்பம்’ எண்டால் அது நடக்காது. அதால சட்டம் இதுதான்: கால் பார்த்து முடிச்ச பிறகுதான் அலாரத்தை நிப்பாட்டலாம். அது கத்திக் கொண்டே இருக்கட்டும். வீட்டு ஆக்களே உன்னைத் துரத்துவினம்.

கதிரையில இரு. நல்ல வெளிச்சம் வேணும், மங்கல் விளக்கு வேண்டாம். கண்ணாடி போடுறனி எண்டால் போடு. எப்பவும் இடது காலில தொடங்கு, எப்பவும் சின்னிவிரலில தொடங்கு. ஒழுங்கு மாறாமல் இருந்தால் ஒரு இடமும் விடுபடாது. விரல் இடுக்கு நாலையும் விரிச்சுப் பார். பிறகு மேல்பாதம், பக்கங்கள், குதிக்கால், கடைசியில உள்ளங்கால். வயிறு விடாது எண்டு எனக்குத் தெரியும், எனக்கும் விடாது. நிலத்தில ஒரு கண்ணாடியைப் போட்டு அதுக்கு மேல காலைப் பிடி. அல்லது போனால படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பார். முதல் நாள் படம் ரெண்டு காலிலயும் எடுத்து வைச்சிரு. பத்தாம் நாள் ஒரு அடையாளத்தைக் கண்டு ‘இது முதலும் இருந்ததோ’ எண்டு சந்தேகம் வந்தால் அந்தப் படம் சாட்சி சொல்லும்.

பார்த்து முடிய, புறங்கையால தொட்டுப் பார். உள்ளங்கை வேண்டாம், எங்கட உள்ளங்கை காய்ச்சுப் போனது, அதுக்குச் சூடு தெரியாது. இடது காலில ஒரு இடம், உடன வலது காலில அதே இடம். ஒண்டு மற்றதைவிடச் சூடாய் இருந்தால் அந்த இடத்துக்குள்ள ஏதோ நடக்குது. புண் வெளியில தெரியிறதுக்கு முதலே சூடு தெரியலாம்.

பிறகு குதிக்காலுக்கும் மேல்பாதத்துக்கும் சோபலீன் கிறீம் பூசு. பெரிய போத்தல் மருந்துக்கடையில மலிவு. நரம்பு பழுதானால் கால் வேர்க்கிறதும் குறையும், தோல் காய்ஞ்சு பித்தவெடிப்பு வரும், கிருமிக்கு அதுதான் வாசல். ஆனால் விரல் இடுக்குக்குள்ள பூசாதை. அங்க ஈரம் நிண்டால் சேற்றுப்புண் வரும். அந்த இடத்தைத் துவாயால ஒத்தி எடுத்துக் காயவிடுறதுதான் முறை.

விடிய வேலைக்குப் போகேக்க இன்னொரு நிமிசம். சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டு. பிறகு கையை உள்ள விட்டுத் தடவு. தட்டுறது மட்டும் காணாது. கிழிஞ்ச உள்துணி, மடிஞ்ச அட்டை, அடியில இருந்து ஏறின ஆணி, இதெல்லாம் தட்டினால் விழாது. சொக்ஸ் வெள்ளையாய் இருக்கட்டும். கறுப்பு எனக்கு மூண்டு நாளை மறைச்சது.

இப்ப எனக்கு அனுப்புற செய்தி. வைபரில ஒரு சொல்லுத்தான். ஒண்டும் இல்லையெண்டால் ‘சரி’. ஏதும் கண்டால் ‘சிவப்பு’ எண்டு எழுதிப் படம் அனுப்பு. பத்து மணிக்குள்ள ஒண்டும் வராட்டில் நான் ரெலிபோன் எடுப்பன். உன்ர போன் அடிக்க விட்டால் தங்கச்சிக்கு எடுப்பன். நீயும் எனக்கு அதையே செய்.

எதைச் ‘சிவப்பு’ எண்டு சொல்லுறது? சப்பாத்துக் கழட்டி அரை மணித்தியாலம் கழிச்சும் மறையாத சிவப்பு அடையாளம். கொப்பளம். வெட்டு. ஆழமான வெடிப்பு. இடுக்கில வெள்ளையாய் ஊறின தோல். காய்ப்புக்கு நடுவில கறுத்த அல்லது கருஞ்சிவப்புப் புள்ளி. இந்தக் கடைசியைப் பலர் அழுக்கு எண்டு விடுவினம். அது காய்ப்புக்குக் கீழ கசிஞ்ச இரத்தம். மேல தோல் மூடியிருக்க உள்ளுக்குப் புண் இருக்கலாம்.

கண்டால் செய்யிறது: புதுச் சப்பாத்து உரசின வெறும் சிவப்பு எண்டால் அந்தச் சப்பாத்தைப் போடாதை, ரெண்டு நாளில போகுதோ பார். தோல் உடைஞ்சிருந்தால் சுத்தத் தண்ணியில கழுவி, ஒத்தி, சுத்தத் துணி ஒட்டி, அந்தக் காலில நடையைக் குறைச்சு, அடுத்த நாளே டொக்டர். ‘நோகேல்லை, வெள்ளிக்கிழமை பார்ப்பம்’ எண்ட கதை இல்லை. நோகாததுதான் வருத்தமே. ஒரு கால் மட்டும் சிவந்து சூடாகி வீங்கினால், புண் இல்லாட்டிலும் அண்டைக்கே போ. உள்ளுக்கு எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அதோட ஒரு கிழமை நடந்தால் பாதமே உருக்குலையும். காய்ச்சல், கறுப்பு, பரவிற சிவப்பு, மணம், இதில ஒண்டு வந்தால் நேர அவசர சிகிச்சைக்கு.

செய்யக் கூடாதது மூண்டுதான். பிளேட்டால காய்ப்பு வெட்டாதை. மருந்துக்கடை ‘கால் ஆணி’ பிளாஸ்ரர் ஒட்டாதை. அதில இருக்கிற அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது எண்டு தெரியாது. சுடுதண்ணியில காலை ஊறவிடாதை. குளிருக்குச் சுடுதண்ணிப் பையும் வேண்டாம், ஹீற்றருக்கு முன்னால கால் நீட்டுறதும் வேண்டாம். உன்ர காலுக்குச் சூடு தெரியாது எண்டு உன்ர வாயாலயே சொன்னனி. கோயிலுக்கும் வெயில் ஏற முதல் போ. வீதி சுத்துறதெண்டால் தடிச்ச சொக்ஸோட சுத்து. பிள்ளையார் கோவிக்க மாட்டார்.

இதால என்ன வராது எண்டதையும் சொல்லிப்போடுறன். கால் பார்த்தால் சீனி குறையாது. செத்த நரம்பு திரும்பாது. குளிசை குளிசைதான், சாப்பாடு சாப்பாடுதான். காலுக்கு இரத்தம் ஒழுங்காய்ப் போகுதோ எண்டு நீயோ நானோ கண்ணால கண்டுபிடிக்கேலாது, அதுக்கு டொக்டர் வேணும். உன்ர டொக்டரிட்டை நீண்டகால வருத்தத்துக்கான திட்டம் எழுதித் தரச் சொல்லிக் கேள். அது இருந்தால் வருசத்தில ஐஞ்சு முறை வரைக்கும் மெடிகெயார் காசோட பொடயற்றிஸ்ட் மாதிரி ஆக்களிட்டைப் போகலாம். சில இடங்களில மேலதிகமாயும் கேப்பினம், முதலே கேட்டுக் கொண்டு போ. கால் பார்க்கிறவரிட்டை எத்தினை மாதத்துக்கு ஒருக்கா வரவேணும் எண்டும் கேள்.

முப்பது நாளில பழக்கம் வந்திடுமோ எண்டு கேப்பாய். இலண்டனில ஒருக்கா தொண்ணூத்தாறு பேரை வைச்சுப் பார்த்தவை, 2009 இல வெளிவந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாய் ஓடுறதுக்குச் சராசரி அறுபத்தாறு நாள் எடுத்ததாம். சிலருக்குப் பதினெட்டு, சிலருக்கு அதைவிட எவ்வளவோ கூட. அதால முப்பதில எல்லாம் முடியாது. ஆனால் முப்பது நாள் பார்த்தால் உன்ர கால் சாதாரணமாய் எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரிஞ்சிடும். அது தெரியாத ஆளுக்கு மாற்றமும் தெரியாது. ஒரு நாள் தவறினால் பழக்கம் கெடாது எண்டும் அதே ஆராய்ச்சியில கண்டவை. தவறினால் அடுத்த நாள் பார், முதலில இருந்து எண்ணத் தேவையில்லை.

சம்மதமெண்டால் ஒரு சொல் எழுது. தங்கச்சி தொட்டுப் பார்த்த கணக்கையும் எழுது. பொய் எழுதாதை, நான் தங்கச்சியிட்டையும் கேப்பன்.

உன்ர,
ஒம்பது விரல்காரன்

*

ரெண்டு நாள் மறுமொழி இல்லை. மூண்டாம் நாள் ஒரு வரி வந்தது: ‘ஆறில மூண்டு.’ அவ்வளவுதான். எத்தினை தெரிஞ்சது, எத்தினை தெரியேல்லை எண்டு பிரிச்சுக் கேக்கத் தேவையில்லை, ரெண்டும் ஒண்டுதான். ஆறில அரைவாசி விரல் அவனோட கதைக்கிறதை விட்டிட்டுது. நான் ரெலிபோன் எடுத்தன். அவன் சிரிக்கேல்லை. ‘மூண்டு தரம் தொட்டுப்போட்டு, இப்பவும் தொடேல்லையோ எண்டு அவளைப் பேசினனான் மச்சான்’ எண்டான்.

மார்ச் முதலாம் திகதி தொடங்கினம். முதல் கிழமை ‘சரி’, ‘சரி’, ‘சரி’. ஆறாம் நாள் இரவு நான் எனக்குரியதை அனுப்ப மறந்து ரீவிக்கு முன்னால நித்திரையாப் போனன். பத்து மணி ரெண்டு நிமிசத்துக்கு அவன் எடுத்துப் பேசின பேச்சை இஞ்ச எழுதேலாது.

பதினோராம் நாள் ‘சிவப்பு’ எண்டு வந்தது. படத்தில வலது சின்னிவிரலின்ர வெளிப்பக்கம் ஒரு பருப்பளவு சிவப்பு. அண்டைக்குத்தான் வேலையில புதுச் சப்பாத்துக் குடுத்திருக்கினம், இரும்பு மூக்கு வைச்சது. அளவு சரி, அகலம் காணாது. முழு நாளும் இரும்பு விளிம்பு விரலை நெரிச்சிருக்கு. ‘நோகுதோ?’ எண்டு பழக்கதோசத்தில கேட்டுப்போட்டன். ‘மடைக் கேள்வி கேக்கிறாய்’ எண்டான். சரிதான்.

அடுத்த நாள் அவன் பழைய சப்பாத்தோட போய், மேற்பார்வையாளரிட்டைப் படத்தைக் காட்டி அகலமான சோடி கேட்டான். நாலு நாளில கிடைச்சுது. சிவப்பு மூண்டாம் நாள் போச்சு. தோல் உடையேல்லை. அதே சப்பாத்தை அவன் இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தால் கொப்பளம், பிறகு புண், பிறகு என்ர கதை. அப்பிடித்தான் நடந்திருக்கும் எண்டு சத்தியம் பண்ணேலாது. ஆனால் எனக்கு நடந்த பாதை அதுதான்.

டொக்டரிட்டையும் போனான். நைலோன் நூல்மாதிரி ஒண்டால உள்ளங்காலில குத்திப் பார்த்து, உணர்ச்சி குறைவு எண்டு எழுதி, காலில இரத்த ஓட்டம் பார்த்து, அது பரவாயில்லை எண்டிருக்கிறார். இப்ப ஆறு மாதத்துக்கு ஒருக்கா வரச் சொல்லியிருக்கு.

மெடிகெயார் இல்லாமல் பிரிட்ஜிங் விசாவில இருக்கிற எங்கட பொடியள் சிலர் இதை வாசிப்பினம் எண்டு தெரியும். காசுக்குப் பயந்து காலை மறைச்சுக் கொண்டு வேலைக்குப் போகாதேங்கோ. மெல்பனில புட்ஸ்கிறேயில இருக்கிற புகலிடம் தேடுவோர் வள நிலையத்திட்டைப் போய்க் கேளுங்கோ. கால் பார்க்கிறதுக்கு எந்த விசாவும் தேவையில்லை, ஒரு கதிரையும் வெளிச்சமும் காணும்.

முப்பதாம் திகதி இரவு அவனிட்ட இருந்து ‘சரி’ வந்தது. முடிஞ்சுது எண்டு நினைச்சன். முப்பத்தோராம் திகதி எட்டரைக்கு என்ர அலாரம் அடிச்சுது, நான் எடுத்து விடேல்லை. கால் பார்த்துப்போட்டு இருக்க, எட்டு நாற்பதுக்கு வைபர் சத்தம்.

‘சரி. உன்ர எங்க?’